லேஆஃபுக்குப் பிறகு: சுயவிவரச் சம்மரியில் அதை எப்படி எழுதுவது, கன்சல்டன்சியை எப்படித் தொடங்குவது — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. அதனால் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் குவாலிட்டி மேனேஜர். 17 வருட அனுபவம், அதில் கடைசி 6 வருடம் சப்ளையர் குவாலிட்டி, அதாவது பாகம் செய்து தரும் ஆலைகளின் தரத்தைப் பார்க்கும் வேலை. வருடத்துக்கு 14 லட்சம் சிடிசி. 2025 செப்டம்பரில் வேலை போகிறது. பாகம் வாங்கும் கம்பெனி ஆலைக்கு வந்து தரத்தைச் சோதிப்பதுதான் கஸ்டமர் ஆடிட். நவம்பரில், சிறு ஆலைகளை அந்த ஆடிட்டுக்குத் தயார் செய்யும் வேலையைத் தனியாகத் தொடங்குகிறார். கீழே வரும் பதில்களில் கணக்கும் வாசகமும் எல்லாம் இவரை வைத்துத்தான்.

வேலை போனதை சம்மரியில் எழுதணுமா, விட்டுடலாமா?

எழுதுங்கள், ஒரே ஒரு வாக்கியம். எழுதாமல் விட்டாலும் தேதி காட்டிக்கொடுத்துவிடும். வேலை செப்டம்பரில் முடிந்ததாக இருக்கிறது, அடுத்தது எதுவும் இல்லை என்றால், படிப்பவர் காரணத்தைத் தானே ஊகித்துக்கொள்வார். அவருடைய ஊகம் பெரும்பாலும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அந்த வாக்கியத்தில் மூன்று விஷயம் போதும்: எப்போது, எது மூடப்பட்டது அல்லது குறைக்கப்பட்டது, அது எவ்வளவு பெரியது. "2025 செப்டம்பரில் ஓர் அசெம்பிளி லைன் மூடப்பட்டது, அதன் சப்ளையர் குவாலிட்டி குழு கலைக்கப்பட்டது." இதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "துரதிர்ஷ்டவசமாக", "எதிர்பாராத விதமாக", "என் திறமைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால்" போன்ற சொற்கள் நுழைந்த உடனே வாக்கியம் வாதாடத் தொடங்கிவிடுகிறது. யாரும் கேட்காத குற்றச்சாட்டுக்கு நீங்கள் ஏன் பதில் சொல்கிறீர்கள் என்று படிப்பவர் யோசிப்பார்.

ஊருக்கே தெரிந்த மூடல் என்றால் இன்னும் சுருக்கலாம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. அங்கிருந்து வந்தவர்கள் ஆலையின் பெயரையும் வருடத்தையும் போட்டாலே போதுமானதாக இருந்தது.

உங்கள் ஒருவரை மட்டும் அனுப்பியிருந்தால் "குழு கலைக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். வாகன உதிரிபாகத் தொழில் சின்ன வட்டம், பழைய கம்பெனியில் ஒரே ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். "பதவி நீக்கப்பட்டு, பொறுப்பு இரண்டு மேனேஜர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது" என்று உள்ளதை எழுதலாம். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

எங்க கம்பெனியில ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிட்டாங்க. இப்ப லேஆஃப்னு சொன்னா பொய்யாகிடுமா?

நம் ஊரில் இது சகஜம். ஆள்குறைப்புதான் நடக்கிறது, ஆனால் காகிதத்தில் ராஜினாமா. ரிலீவிங் லெட்டரிலும் அப்படித்தான் இருக்கும், பிஎஃப் கணக்கில் வெளியேறிய காரணமும் பெரும்பாலும் அப்படியே பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் பார்ப்பது இந்தக் காகிதங்களைத்தான். உங்கள் சுயவிவரம் ஒன்று சொல்லி காகிதம் வேறொன்று சொன்னால், உண்மை உங்கள் பக்கம் இருந்தாலும் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

அதனால் "லேஆஃப்" என்ற சொல்லையும் தவிர்க்கலாம், "ராஜினாமா செய்தேன்" என்பதையும் தவிர்க்கலாம். நடந்த நிகழ்வைச் சொல்லுங்கள்: "செப்டம்பரில் லைன் மூடப்பட்டபோது வெளியே வந்தேன்." இது உண்மை, காகிதத்தோடும் மோதாது. நேரில் கேட்டால் முழுவதையும் சொல்லலாம்: "லைன் மூடினார்கள், எங்கள் குழுவில் எல்லோரிடமும் ராஜினாமா கேட்டு வாங்கினார்கள்." இரண்டு வாக்கியம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுயவிவரத்தை வெளியிடும் முன் ஒரு வேலை பாக்கி. ரிலீவிங் லெட்டர், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, ஃபார்ம் 16 மூன்றையும் பக்கத்தில் வைத்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிஎஃப்-ல் விலகிய தேதியை முதலாளி பதிவு செய்யாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி இருந்தால் ஹெச்ஆர் ஆட்கள் உங்களை இன்னும் மறக்காத முதல் மாதத்திலேயே எழுதிக் கேட்டு முடித்துவிடுங்கள்.

மொத்த சம்மரியும் எப்படி இருக்கணும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

முதலில், பெரும்பாலானவர்கள் எழுதுவது:

> வாகனத் துறையில் 17 ஆண்டுகள் அனுபவம் பெற்ற, கடின உழைப்பும் தலைமைப் பண்பும் கொண்ட குவாலிட்டி வல்லுநர். கம்பெனி மறுசீரமைப்பு காரணமாக துரதிர்ஷ்டவசமாக வேலை இழந்தேன். குவாலிட்டி, உற்பத்தி, பர்ச்சேஸ், பயிற்சி என எந்தப் பொறுப்பையும் உடனே ஏற்கத் தயார். முழுநேரம், பகுதிநேரம், கன்சல்டிங் எதுவாயினும் தொடர்புகொள்ளவும்.

இதில் தவிப்பு தெரிவது வேலை போன வரியில் இல்லை. கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. "எந்தப் பொறுப்பையும்", "உடனே", "எதுவாயினும்" என்று அடுக்கும்போது, இவருக்கு எது நன்றாக வரும் என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும் போலிருக்கிறதே என்று படிப்பவருக்குத் தோன்றுகிறது. அந்த வேலையை அவர் செய்யமாட்டார்.

அதே ஆள், அதே உண்மைகள், மாற்றி எழுதியது:

> பிரஸ்ஸிங், மெஷினிங் செய்யும் சிறு ஆலைகளை கஸ்டமர் ஆடிட்டுக்கும் பிபிஏபி ஒப்புதலுக்கும் தயார் செய்கிறேன். குவாலிட்டியில் 17 ஆண்டுகள். கடைசி 6 ஆண்டுகள் கஸ்டமர் பக்கம் இருந்து 22 சப்ளையர்களை ஆடிட் செய்தேன். அந்தக் காலத்தில் வரும் பொருளின் ரிஜக்‌ஷன் 1,800 பிபிஎம்-லிருந்து 420 பிபிஎம்-க்கு இறங்கியது. 2025 செப்டம்பரில் எங்கள் லைன் மூடப்பட்டது. நவம்பர் முதல் அம்பத்தூர், திருமுடிவாக்கம் பகுதி ஆலைகளோடு தனியாக வேலை செய்கிறேன்.

பிபிஏபி என்பது ஒரு பாகத்தின் உற்பத்திக்கு கஸ்டமர் தரும் ஒப்புதல், பிபிஎம் என்பது பத்து லட்சம் பாகத்துக்கு எத்தனை குறை என்ற கணக்கு. வரிசையைக் கவனியுங்கள். முதல் வரி, யாருக்கு என்ன செய்கிறேன் என்பது. லிங்க்ட்இன்-ல் About பகுதிக்கு 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் "மேலும்" என்பதை அழுத்தாமல் தெரிவது தொடக்க வரிகள் மட்டும்தான். வேலை போன செய்தி அந்த வரிகளில் வரக்கூடாது, ஒளிந்துகொண்டும் இருக்கக்கூடாது. எண்களுக்குப் பிறகு, நடப்பு வேலைக்கு முன்பு, நடுவில் அதன் இடம். இரு பக்கமும் வேலை நிற்கும்போது அது வெறும் தேதியாகப் படிக்கப்படும்.

"கஸ்டமர் பக்கம் இருந்து ஆடிட் செய்தேன்" என்பதுதான் இவருடைய உண்மையான சரக்கு. ஆடிட்டர் எந்த ரெஜிஸ்டரை முதலில் கேட்பார், கன்ட்ரோல் பிளானில் எழுதியதும் மெஷின் பக்கத்தில் நடப்பதும் எங்கே பிசகும் என்பது இவருக்குத் தெரியும். சிறு ஆலை முதலாளி காசு கொடுப்பது அதற்குத்தான். "தலைமைப் பண்பு"க்கு அவர் காசு கொடுக்கமாட்டார்.

ஓர் எச்சரிக்கை. "ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் பெற்றுத் தருகிறேன்" என்று எழுதாதீர்கள். வாகனத் துறையின் இந்தத் தரநிலைக்குச் சான்றிதழ் கொடுப்பது அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் மட்டுமே. கன்சல்டன்ட் தயார் செய்யலாம், உறுதி தர முடியாது. விஷயம் தெரிந்தவர் அந்த ஒரு வரியிலேயே உங்களை ஒதுக்கிவிடுவார்.

சுயவிவரத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். பழைய கம்பெனியின் சப்ளையர் பெயர்களை மட்டும் எங்கும் போடாதீர்கள்.

"கன்சல்டன்ட்"னு எப்போதிருந்து போட்டுக்கலாம்? வேலை போன தேதியிலிருந்தே போட்டா கேப் தெரியாதே?

போடாதீர்கள். பணம் வாங்கி ஒரு வேலை தொடங்கிய மாதம்தான் தொடக்கம். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் ஒரு மாதம் காலியாக இருப்பதை யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். ஆனால் "செப்டம்பர் முதல் கன்சல்டன்ட்" என்று போட்டுவிட்டு, செப்டம்பரில் யாருக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றால் மற்ற எண்கள்மீதும் சந்தேகம் விழும். பின்னாளில் வேலைக்குப் போனால் இன்வாய்ஸ், வங்கி வரவு, உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் எல்லாம் கேட்பவர்களும் உண்டு.

இன்னும் காசு வாங்கிய வேலை எதுவும் இல்லையா? அப்போது பட்டம் வேண்டாம், வினைச்சொல் போதும்: "சிறு ஆலைகளுக்கு கஸ்டமர் ஆடிட் தயாரிப்பு செய்து தருகிறேன்." தனி ஆள் "நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி" என்று போடுவதையும் தவிர்க்கலாம். சொந்தப் பெயரிலேயே தொடங்கலாம், பான் எண் உங்களுடையதே போதும். லோகோ, வெப்சைட், விசிட்டிங் கார்டு எதுவும் முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவராது, இரண்டு மாதத்தைத் தின்றுவிடும்.

லிங்க்ட்இன்-ல Open to Work பச்சை வளையம் போடலாமா?

முழுநேர வேலை மட்டும் தேடுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம். கன்சல்டன்சிக்கு வாடிக்கையாளர் தேடும்போது வேண்டாம். "ஆறு வாரம் உங்களோடு இருந்து ஆடிட்டை முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவரின் படத்தில் வேலை தேடும் வளையம் இருந்தால், பாதியில் விட்டுப் போய்விடுவாரோ என்று முதலாளி நினைப்பார். நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. இரண்டையும் பார்க்கவேண்டிய நிலை என்றால், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி அதே இடத்தில் இருக்கிறது.

தெரிஞ்சவங்களுக்கு முதல் மெசேஜ் எப்படி அனுப்பறது? கெஞ்சற மாதிரி இருக்கக்கூடாது.

இருநூறு பேருக்கு ஒரே மெசேஜை ஃபார்வர்டு செய்வதுதான் கெஞ்சலாகத் தெரியும். இருபது பேரைத் தேர்ந்தெடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இப்படி:

> வணக்கம் சார். செப்டம்பரில் எங்கள் லைன் மூடியதும் வெளியே வந்துவிட்டேன். இப்போது பிரஸ்ஸிங், மெஷினிங் யூனிட்களுக்கு கஸ்டமர் ஆடிட் தயாரிப்பு செய்து கொடுக்கிறேன். பிபிஏபி திரும்பி வந்த கேஸ், ஆடிட்டில் மேஜர் குறை வந்த கேஸ் இரண்டையும் பார்ப்பேன். மார்ச்சுக்குள் ஆடிட் வருகிற யூனிட் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? இல்லை என்றாலும் பரவாயில்லை சார், தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"உங்களிடம் வேலை இருக்கிறதா" என்று இதில் கேட்கவில்லை. "தெரியுமா" என்று கேட்கிறது. தன் ஆலைக்கே தேவை இருந்தால் அவரே சொல்வார். இல்லை என்றால் முகம் சுளிக்காமல் இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை கூப்பிடலாம், அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள்.

பழைய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை இந்த இடத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ரகசியம் காக்கும் நிபந்தனை செல்லும். பழைய கம்பெனியின் எஃப்எம்இஏ கோப்பு, செக்‌ஷீட், சப்ளையர் ரேட்டிங் எதையும் பென் டிரைவில் கொண்டுவந்து பயன்படுத்தாதீர்கள். லோகோவை அழித்தாலும் அமைப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். படிவங்களை முதலிலிருந்து நீங்களே தயாரியுங்கள். பழைய கம்பெனிக்கு இன்னும் சப்ளை செய்யும் யூனிட் கூப்பிட்டால், உங்கள் பழைய சகாக்கள்தான் அங்கே ஆடிட்டுக்கு வருவார்கள் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு கேட்கறது? பழைய சம்பளத்தை நாள் கணக்கா வகுத்தா சரியா?

அதுதான் முதல் வருடத்தில் பலரையும் கவிழ்க்கும் கணக்கு. 14 லட்சத்தை 12 மாதத்துக்கும் 26 நாளுக்கும் வகுத்தால் நாளுக்கு சுமார் 4,500 ரூபாய் வருகிறது. இந்த விலையில், வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் வேலை கிடைத்தால்தான் பழைய சம்பளம் வரும். அப்படிக் கிடைக்காது. ஆள் பார்க்கப் போவது, கொட்டேஷன் எழுதுவது, பணம் வசூலிக்க அலைவது எல்லாவற்றுக்கும் நாள் போகும், அந்த நாட்களுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

ஞாயிறு, சனி, பண்டிகை, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் போக வருடத்தில் 220 நாள் மிஞ்சும். முதல் வருடத்தில் அதில் 100 நாளுக்குக் காசு வந்தால் நல்ல வருடம். முன்பு கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு, லேப்டாப், பெட்ரோல் எல்லாம், வரிக்கணக்கு ஆடிட்டரின் கட்டணமும் இப்போது உங்கள் தலையில். 2 லட்சம் என்று வைப்போம். 14-ம் 2-ம் 16 லட்சம். 100-ஆல் வகுத்தால் நாளுக்கு 16,000.

இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள், உங்கள் நோட்டில் இருக்கட்டும். சிறு ஆலை முதலாளியிடம் "நாளுக்கு 16,000" என்றால் தன் மேனேஜரின் சம்பளத்தோடு ஒப்பிடுவார். அவருக்கு வேண்டியது ஆடிட்டில் தப்பிப்பது. ஆகவே வேலைக்கு விலை சொல்லுங்கள். ஆடிட் தயாரிப்பு, ஆறு வாரத்தில் பரவிய 9 நாள் வேலை: முதல் வாரம் 2 நாள் குறைகளைக் கண்டு அறிக்கை, அடுத்த நான்கு வாரத்தில் 5 நாள் ஷாப் ஃப்ளோரிலேயே நின்று திருத்தம், கடைசி வாரம் 2 நாள் ஒத்திகை ஆடிட். மொத்தம் 1,44,000 ரூபாய். வேலை தொடங்கும்போது 40 சதவீதம், அதாவது 57,600. மூன்றாவது வாரம் முடிவில் அதே தொகை. ஒத்திகை ஆடிட் முடிந்ததும் மீதி 28,800.

கடைசித் தவணையை "ஆடிட் பாஸானதும்" என்று கட்டாதீர்கள். கஸ்டமர் ஆடிட்டைத் தள்ளிப்போட்டால் உங்கள் பணமும் தள்ளிப்போகும், அது உங்கள் கையில் இல்லை.

முதல் கஸ்டமருக்கு இலவசமா, இல்ல பாதி ரேட்டுக்குச் செஞ்சு கொடுத்தா பேர் கிடைக்குமே?

பாதி விலைக்குச் செய்தால் பாதி விலைக்காரர் என்ற பெயர் கிடைக்கும். அந்த முதலாளி அடுத்த யூனிட்டுக்கு உங்களைச் சொல்லும்போது விலையையும் சேர்த்தே சொல்வார். பேரம் பேசினால் விலையோடு வேலையையும் குறையுங்கள்: "ஒத்திகை ஆடிட் இல்லாமல் 7 நாள், 1,12,000 ரூபாய்." வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்றாகிவிடும்.

இலவசமாகக் கொடுக்கத் தகுந்தது ஒன்று உண்டு: முதல் சந்திப்பு, ஒன்றரை மணி நேரம். ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்ட இரண்டு மூன்று குறையை வாய்வழியாகச் சொல்லுங்கள். அளக்கும் கருவியின் காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டியிருக்கும், அல்லது டிராயிங் ரிவிஷன் மெஷின் பக்கம் ஒன்றும் ஆபீஸ் ஃபைலில் ஒன்றுமாக இருக்கும். எழுத்தில் கேட்டால் அது கட்டண வேலை. "இன்னொரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க சார்" என்று மூன்றாவது முறை கூப்பிடுகிறார், கொட்டேஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், அவருக்குத் தேவையானதை இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "அறிக்கையாகவே கொடுத்துவிடுகிறேன் சார், 2 நாள் வேலை, 32,000. முழு வேலை எடுத்தால் அதில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கே நிலவரம் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி, டிடிஎஸ், உத்யம் எல்லாம் முதல் நாளே வேணுமா?

ஜிஎஸ்டி வேண்டாம். சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், வேறு மாநிலத்துக்குச் சேவை செய்தாலும் அந்த வரம்புக்குள் விலக்கு உண்டு. பெரிய கம்பெனிகள் மட்டும் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வெண்டராகச் சேர்க்கமாட்டோம் என்று சொல்லலாம், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

டிடிஎஸ் உங்கள் கையில் இல்லை. தொழில்முறைக் கட்டணமாகக் கருதி 10 சதவீதம் பிடித்தால், 57,600-ல் 5,760 போக 51,840 கைக்கு வரும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் வரவாகிவிட்டதா என்று காலாண்டுக்கு ஒருமுறை 26ஏஎஸ்-ல் பாருங்கள். ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லிப் பழகிய அனுமான வரி முறை பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை செய்பவர்களுக்குப் பொருந்தும். வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகச் சுமை குறையும். இந்த முறையில் போனால் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டவேண்டும்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை மட்டும் முதல் வாரமே செய்துவிடுங்கள். udyamregistration.gov.in தளத்தில் கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் போதும். காசு கேட்கும் தளம் என்றால் அது தரகர். பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுங்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள், வாங்கியவர் பணம் தரவேண்டும் என்று எம்எஸ்எம்இடி சட்டம் 2006 சொல்கிறது. தாமதித்தால் அந்தச் செலவை, பணம் கொடுக்கும் வருடம் வரை அவர் வரிக்கணக்கில் கழிக்க முடியாது. இது அவருடைய ஆடிட்டருக்கு நன்றாகவே தெரியும். அதனால் வசூலுக்கு நீங்கள் குரல் உயர்த்த வேண்டியதில்லை. முப்பதாவது நாள் இன்வாய்ஸைத் திரும்ப அனுப்பி, "உத்யம் எண் இன்வாய்ஸில் உள்ளது, 45-வது நாள் இன்ன தேதி" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நடுவில நல்ல வேலை வந்துடுச்சுன்னா என்ன செய்யறது?

கையில் இருக்கும் வேலையின் மீதி நாட்களை எண்ணிப் பார்த்து, அதற்குப் பிறகு சேரும் தேதியைக் கேளுங்கள். ஆறு வார வேலையில் நான்காவது வாரம் என்றால் கேட்கவேண்டியது மூன்று வாரம்தான், பெரும்பாலான கம்பெனிகள் தருவார்கள். சேரும் முன், நடப்பில் இருக்கும் கன்சல்டிங் வேலைகளை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வேறு வருமானம் கூடாது என்ற நிபந்தனை ஆஃபர் லெட்டரில் சாதாரணமாகவே இருக்கும். பழைய இன்வாய்ஸுக்கான பணம் சேர்ந்த பிறகு வரவாகலாம், அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சம்மரியில் நவம்பரிலிருந்து சேர்ந்த மாதம் வரை கன்சல்டன்சி தன் தேதியோடு அப்படியே இருக்கட்டும்.